படத்துக்குள் இருந்த கேள்விகள்

வனஜா ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைச் சரிபார்ப்பதைப் பார்த்தால், முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறாளோ என்று தோன்றும். மேல் இடது மூலையில் தொடங்கிக் கீழ் வலது மூலை வரை வரிவரியாகக் கண்ணை ஓட்டுவாள். நோயாளியின் பெயர் உண்மைப் பெயராக இருக்கக் கூடாது. கைபேசி எண் யாருடைய எண்ணாகவும் இருக்கக் கூடாது. கீழ்ப்பட்டியில் வந்த செய்தி எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று ஒரு சந்தேகம் வரும். மறுபடியும் முதல் மூலைக்குப் போவாள்.

புனேயின் ஹிஞ்சேவாடியில் அவள் வேலை பார்த்த கம்பெனி, சிறிய மருத்துவமனைகளுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பதியும் மென்பொருள் தயாரித்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் உதவிப் பக்கங்களை எழுதுவது வனஜாவின் வேலை. இந்தப் பட்டனை அழுத்துங்கள், இந்தக் கட்டம் திறக்கும், அதில் இதை நிரப்புங்கள் என்று பக்கத்துக்கு நாலைந்து படங்கள் வரும். பக்கங்கள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி இருந்தன. அவள் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஒப்பந்த ஊழியர்தான். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மேனேஜர் நிலேஷ் ஜோக்லேகர் சொல்ல வேண்டும். நிலேஷ் கெட்டவர் இல்லை. ஆனால் பாதி நேரம் அவளை வந்தனா என்றுதான் கூப்பிடுவார். முதல் முறை திருத்தாமல் விட்டுவிட்டாள். இத்தனை மாதம் கழித்துத் திருத்துவது அவரை அவமானப்படுத்துவது போல ஆகிவிடுமோ என்று அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

அவள் அறை விஷ்ராந்த்வாடியில். காலையில் கம்பெனியின் கேப் வண்டியில் ஏறினால் ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். கேபில் எல்லோர் காதிலும் இயர்போன் இருக்கும். ஆபீஸில் இங்கிலீஷ், கேன்டீனில் ஹிந்தி, காய்கறிக்காரியிடம் விரல்களால் காட்டும் மராட்டி. தமிழ் என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயில் வரும் ஒன்று. கோவில்பட்டியிலிருந்து அம்மா கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"என்ன சாப்பிட்ட?"

அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். பிறகு அண்ணன் குழந்தைகள் போனைப் பிடுங்குவார்கள்; சத்தம் வரும்; கட்டாகிவிடும்.

மற்ற நாட்களில் அவள் தமிழில் பேசியது ஒன்றிடம்தான். அது தேடல் பெட்டி. விஷ்ராந்த்வாடியில் நல்ல கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று ஒருநாள் தட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது. பிறகு, பதில் இருக்க முடியாத கேள்விகளையும் கேட்கத் தொடங்கினாள். அது முகம் சுளிக்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஆபீஸ் திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பிரவுசரும் வலப்பக்கம் படம் எடுக்க வேண்டிய மென்பொருளுமாக வைத்திருப்பாள். இடப்பக்கம் ஒரு கேள்வியைத் தட்டிவிட்டு, என்டரை அழுத்திவிட்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் விசையை அழுத்தி வலப்பக்கத்தை மட்டும் இழுத்து வளைப்பாள். படத்தில் இடப்பக்கம் வராது. அதைத்தான் அவள் மூலைக்கு மூலை பார்த்து உறுதி செய்துகொள்வாளே.

*

விமான் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் மாலை வகுப்பு நடந்தது. கம்பெனி வெப்சைட்டுகளில் எழுதிப் போடுகிறவர்களுக்கு, தகவல் கசியாமல் எப்படிப் போடுவது என்று சொல்லித்தரும் குறுகிய வகுப்பு. நல்ல பாடம்தான். ஆனால் வனஜா சேர்ந்ததற்குக் காரணம் பாடம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேராக அறைக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பாடம் நடத்திய மேகனா கர்வே அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள். வேகமான ஹிந்தி, நடுநடுவே இங்கிலீஷ்.

"கேமரா போட்டோவுல எடுத்த இடம் ஒளிஞ்சிருக்கும்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "ஸ்க்ரீன்ஷாட்டுல பொதுவா இடம் இருக்காது. அதனால அதுல ஒண்ணுமே இருக்காதுன்னு நினைச்சுக்கறோம். தப்பு. எதை வச்சு எடுத்தோங்கறதைப் பொறுத்தது. எடுத்த நேரம், எந்த மெஷின், எந்த டூல்… சில டூல் அதுக்கு மேலயும் எழுதி வைக்கும். யாராவது ஒரு படம் குடுங்க. ஏற்கெனவே வெளியில போட்ட படமா இருந்தா நல்லது."

யாரும் கை தூக்கவில்லை. வகுப்பில் வனஜா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இது அவளுக்குத் தெரிந்த விஷயம். ஊரில் எவனும் பார்க்காத அளவுக்கு மூலைக்கு மூலை பார்த்துப் போட்ட படங்கள். அவள் கை தானாக மேலே போயிற்று.

"எங்க உதவிப் பக்கத்துல இருக்கு," என்று முகவரியைச் சொன்னாள்.

மேகனா பக்கத்தைத் திறந்து, முதல் படத்தை இறக்கிக்கொண்டாள். சுவரில் படம் பெரிதாக விழுந்தது. நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் 'சோதனை நோயாளி'. எண்ணின் மேல் கறுப்புப் பட்டை.

"பார்த்தீங்களா? அழகா மறைச்சிருக்காங்க. வெல் டன்." மேகனா இன்னொரு விண்டோவில் ஒரு கட்டளையைத் தட்டினாள். "கறுப்புப் பட்டை போட்டாலும், ஓரத்தை வெட்டினாலும், நாம தொடறது படத்தை மட்டும்தான். ஃபைலுக்குள்ள எழுத்துக்குன்னு தனி இடம் இருக்கு. அது அப்படியே இருக்கும்."

வரிகள் சுவரில் இறங்கின. படத்தின் அளவு. எடுத்த தேதி, நேரம். டூலின் பெயர். லாகின்: vanaja.s. கம்ப்யூட்டரின் பெயர். கடைசியாக, டைட்டில் என்ற சொல்லுக்கு எதிரே, தமிழில்:

தனியா சாப்பிட்டா ஏன் சாப்பாடு இறங்க மாட்டேங்குது

வனஜாவுக்கு முதலில் அது யாரோ எழுதியது போலத்தான் இருந்தது. சுவர் முழுக்க, ஒரு ஆள் உயரத்துக்கு, அந்த வரி நின்றது.

"அரே, யே கௌன்சி பாஷா ஹை? தெலுகு?" என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"தமிழ்," என்றாள் வனஜா.

"என்ன எழுதியிருக்கு?" மேகனா உண்மையான ஆர்வத்தோடு திரும்பினாள்.

"அது… சும்மா. டம்மி பேர். சோதனைக்கு வச்சது."

"ஓகே. டைட்டில்ங்கற இடத்துல, படம் எடுக்கறப்ப எந்த விண்டோ உபயோகத்துல இருந்துச்சோ அதோட தலைப்பை இந்த டூல் எழுதுது. எந்த விண்டோவைப் படம் எடுத்தோமோ அது இல்ல. கடைசியா எதுல தட்டினோமோ அது. பிரவுசர்ல எதையாவது தேடினா, தேடின வார்த்தைதான் அந்தத் தலைப்பு. டெஸ்டர்களுக்கு இது ரொம்ப உதவி. எந்த மெஷின், யாரு, என்ன பண்ணும்போது பிழை வந்துச்சுன்னு உடனே தெரியும். ஆனா ஆபீஸுக்குள்ள வச்சுக்க வேண்டிய டூல் இது. வெளியில போடற படத்துக்கு இல்ல."

அதுதான். டெஸ்டிங் குழு செய்து வைத்திருந்த டூலை, விசை ஒன்றை அழுத்தினால் போதும், கை பழகிவிட்டது என்று எழுத்துப் பிரிவில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. வனஜாவும் கேட்கவில்லை.

"சோஷியல் மீடியாவுல போட்டா பெரும்பாலும் அவங்களே இதை உரிச்சு எடுத்துடுவாங்க," என்று மேகனா தொடர்ந்தாள். "அதனாலதான் நமக்குப் பயமே வரலை. சொந்த வெப்சைட், மெயில், வாட்ஸ்அப்புல டாக்குமென்ட்டா அனுப்பறது, இங்கெல்லாம் ஃபைல் இருக்கறபடியே போகும். தாங்க்ஸ், வனஜா. அருமையான உதாரணம்."

புனேயில் அவள் பெயரை அத்தனை பேர் முன்னால் ஒருவர் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அவர்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டுமே. ஆனால் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது: யாரோ ஒருவர் படித்துவிட்டார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கையில் அந்த ஆள் வந்து நின்றார். உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த இளைஞர். ஹோட்டல் ஒன்றின் பெயர் போட்ட அடையாள அட்டை கழுத்தில்.

"நீங்க தமிழுங்களா? நானும்தான். ஆம்பூர். முகமது ரஃபீக். இங்க ஹோட்டல்ல வெப்சைட்டு, வைஃபை எல்லாம் நான்தான் பாக்குறேன்."

"ம்."

"அது… டம்மி இல்லைன்னு தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் ஆகிவிட்டது. லிஃப்ட் கதவு திறந்தது. வனஜா படிக்கட்டில் இறங்கினாள்.

*

சனிக்கிழமை காலை. கீழே பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். வனஜா வீட்டு லேப்டாப்பில் உதவிப் பக்கங்களின் படங்களையெல்லாம் வெளியாள் போல ஒவ்வொன்றாக இறக்கி, ஒரே ஃபோல்டரில் போட்டாள். கம்பெனிக்குள் இருக்கும் மூலப்படம் அவளுக்கு வேண்டாம். ஊருக்குக் கிடைப்பது எது என்பதுதான் கேள்வி. வகுப்பில் காட்டிய கட்டளையை ஓட்டினாள்.

தேதிப்படி வந்தன.

விஷ்ராந்த்வாடியில் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்

ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எவ்வளவு அரிசி

பொங்கலுக்கு லீவு கேட்டா தப்பா நினைப்பாங்களா

போன்ல அழுதா அம்மாவுக்குத் தெரியுமா

பக்கத்து ரூம் பெண்ணிடம் முதலில் எப்படிப் பேசுவது

பக்கத்து அறைப் பெண் ஏப்ரலில் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். பேசவே இல்லை. அந்தக் கேள்வி, 'அப்பாயின்ட்மென்டை ரத்து செய்வது எப்படி' என்ற பக்கத்தில் இருந்தது.

அவள் பாட்டுக்குப் பட்டியலில் கீழே போனாள். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து தன் கதையைச் சொல்வது போலவும், அதைக் கேட்கத் தனக்கு ஒரு வருடமாக நேரம் கிடைக்காதது போலவும் இருந்தது.

ரொம்ப நாள் பேசாம இருந்தா குரல் போயிடுமா

மேனேஜருக்கு நம்ம பேரே தெரியலேன்னா வேலை பெர்மனென்ட் ஆகுமா

இந்த இடத்தில் அவள் கை நின்றது.

படம் கட்டணப் பக்கத்தில் இருந்தது. அதிகம் பேர் பார்க்கும் பக்கம். போதாததற்கு, வரும் புதன்கிழமை பெரிய மருத்துவமனை ஒன்றின் தகவல் பாதுகாப்புப் பிரிவு கம்பெனியின் வெளிப்பக்கங்களைப் பரிசோதிக்கப் போகிறது. ஒப்பந்தத்துக்கு முன்பாக அது வழக்கம். அவர்கள் முதலில் செய்யப்போவது இதே கட்டளையை ஓட்டுவதாகத்தான் இருக்கும். தமிழ் தெரியாவிட்டால் என்ன, மொழிபெயர்க்கும் பெட்டி எல்லோர் போனிலும் இருக்கிறது. கண்டுபிடித்தவற்றின் பட்டியல் நிலேஷுக்கு வரும். நிலேஷ் படிப்பார்.

சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா? படத்தின் அளவைச் சரிசெய்கிறேன் என்று ஒரு காரணம் எழுதி, சுத்தம் செய்த படங்களை ஏற்றிவிடலாம். நிலேஷ் ஒப்புதல் தந்தால்தான் பக்கம் மாறும். காரணத்தை அவர் படிப்பதில்லை. யாருக்கும் தெரியாது. அதே டூலில் எழுத்துப் பிரிவின் பிரணவும் மற்றவர்களும் எடுத்த படங்கள்? அவை அப்படியே கிடக்கும். லாகின் பெயர், கம்ப்யூட்டர் பெயர் எல்லாம் வரிசையாக. கதவை உடைக்க நினைக்கிறவனுக்குப் பாதிச் சாவி. புதன்கிழமை அது பிடிபட்டால், உன் படம் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று கேட்பார்கள்.

சொன்னால், உதாரணம் காட்டு என்பார்கள்.

இதைத் தேடல் பெட்டியிடம் கேட்கலாம் என்று விரல் போயிற்று. லேப்டாப்பை மூடிவிட்டாள். அன்று முழுவதும், ஞாயிறும், அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அம்மா கூப்பிட்டபோது, "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

*

திங்கட்கிழமை நிலேஷ் தன் இடத்தில் டப்பாவைத் திறந்து போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வனஜா ஒரு படத்தை முன்பே தேர்ந்து வைத்திருந்தாள். கறிவேப்பிலைப் படம். அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

"சார், நம்ம உதவிப் பக்கத்துப் படங்கள்ல ஒரு பிரச்சினை." மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷில் சொன்னாள். டெஸ்டர் டூல், லாகின், கம்ப்யூட்டர் பெயர், விண்டோ தலைப்பு. கறிவேப்பிலைப் படத்தைக் காட்டினாள்.

நிலேஷ் ஸ்பூனைக் கீழே வைத்தார். "புதன்கிழமை ரிவ்யூவுக்கு வர்றவங்க கண்ணுல இது படும்."

"ஆமா சார்."

"நம்ம எல்லாப் படத்துலயுமா?"

"அந்த டூல்ல எடுத்த எல்லாத்துலயும்."

"இரு." கட்டளையை அவளிடம் கேட்டு வாங்கி, அவரே ஒரு பக்கத்தைத் திறந்தார். கட்டணப் பக்கம் இல்லை, அதற்கு அடுத்தது. ஒரு படத்தை இறக்கினார். தமிழ் வரி வந்தது. "இது என்ன?" அவள் வாயைத் திறப்பதற்குள் அதை நகலெடுத்து மொழிபெயர்ப்பில் ஒட்டிவிட்டார்.

நிலேஷ் படித்தார். வனஜா திரையைப் பார்க்கவில்லை. எந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரியும். ரொம்ப நாள் பேசாமல் இருந்தால் குரல் போய்விடுமா. அது இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்தாள். மருத்துவக் கேள்வி போல இருக்கலாம். மருத்துவமனை மென்பொருள்தானே என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. டப்பாவின் மூடியை எடுத்து மூடினார், பிறகு திறந்தார்.

"கேன்டீன்ல நம்ம கும்பல் ஒண்ணா உட்கார்றோமே, நீ…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த மேசைக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போல இருந்தது.

வனஜாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பிரணவ் போட்டதுலயும் இருக்குமா?" பேச்சை மாற்ற அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பிரணவின் படம் ஒன்றைத் திறந்தார். அது இங்கிலீஷிலேயே இருந்தது. நிலேஷின் புருவம் உயர்ந்து இறங்கியது. உடனே மூடிவிட்டார். வனஜாவின் கண்ணில் ஒரு சொல்கூடப் படவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு அவர் கை மெதுவாயிற்று. "புது வெர்ஷன் வந்தப்ப அறிவிப்புப் பக்கம் போட்டோமே. அதுல படமெல்லாம் நான்தான் எடுத்தேன்." சொல்லிக்கொண்டே மானிட்டரைத் தன் பக்கம் திருப்பினார். தட்டினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அந்த ஒரு கணம், நிலேஷ் ஜோக்லேகர் என்ன தேடியிருப்பார் என்று வனஜாவுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பழிவாங்க இல்லை. இந்த ஆபீஸில் இன்னொருவரும் எதையாவது யாரிடமும் கேட்க முடியாமல் பெட்டியிடம் கேட்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

"ரிப்போர்ட்ல உதாரணம் கேப்பாங்க," என்றார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

வனஜா இரண்டு நாளாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னாள். "லாகின் பேரையும் கம்ப்யூட்டர் பேரையும் உதாரணமாக் காட்டலாம் சார். அதுதான் கம்பெனிக்கு ஆபத்து. விண்டோ தலைப்பும் பதிவாகியிருக்குன்னு எழுதினாப் போதும். என்ன தலைப்புன்னு எழுத வேண்டியதில்ல. யாரோடதையும்."

"யாரோடதையும்," என்று நிலேஷ் திருப்பிச் சொன்னார். "சரி. சுத்தம் பண்றதும் நீயே பண்ணு. யாரோடதையும் திறக்காம பண்ண முடியுமா?"

"முடியும்."

"நாமளே கண்டுபிடிச்சோம், நாமளே சரி பண்ணினோம்னு எழுதிடு. கீழ உன் பேரைப் போடு." எழுந்து நின்றவர், "தாங்க்ஸ், வந்தனா," என்றார்.

அவள் நகரவில்லை. "வனஜா, சார்."

குரல் இருந்தது. போகவில்லை.

நிலேஷ் அவளைப் பார்த்தார். "வனஜா," என்றார். "ஸாரி. ரொம்ப நாளாவா?"

"முதல் நாள்லேருந்து."

அடுத்த மாதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

*

வேலை இரண்டு நாள் பிடித்தது. படத்தைத் தொடாமல், ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துக்களை மட்டும் அழிக்கும் கட்டளை அது. எதை அழிக்கிறது என்று திரையில் காட்டாதபடி அமைத்துக்கொண்டாள். பிரணவ், வைஷு, ஸ்ரீலக்ஷ்மி, நிலேஷ் என்று ஒவ்வொருவர் ஃபோல்டராக ஓட்டினாள். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் திரையில் வந்துவிடும். பக்கத்து இருக்கையில் பிரணவ் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செய்தி அவனுக்கும் எட்டியிருந்தது.

"நீ பாத்தியா?" என்றான் ஹிந்தியில், திரையைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா. வேணும்னா உன்னோடதை நீயே ஓட்டு."

அவன் தலையாட்டினான். "நீயே ஓட்டு. எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல."

சுத்தமான படங்களை ஏற்றி, நிலேஷ் ஒப்புதல் தந்ததும், வெளியாள் போல மறுபடி ஒவ்வொன்றாக இறக்கிச் சோதித்தாள். இந்த முறை சோதனை, எழுத்து 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும்படி இருந்தது. சிலவற்றில் இன்னும் 'உண்டு' என்றே வந்தது. ஏற்றியதில் பிழையோ என்று பதறிப்போனாள். பிறகுதான் புரிந்தது: பக்கம் வேகமாகத் திறக்க, படங்களின் பழைய நகலை வேறு சர்வரில் வைத்திருந்தார்கள். அதையும் காலி செய்யச் சொல்லி ஆள் பிடித்து, மறுபடி சோதித்தாள். இல்லை. இல்லை. இல்லை.

இதற்கு முன்பு யாராவது இறக்கி வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தின் பழைய பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இடங்களில் கிடந்தால் அதற்கும் விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். எங்கோ யாரோ ஒருவருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், 'புதிய நோயாளியைச் சேர்ப்பது எப்படி' என்ற படத்துக்குள், போனில் அழுதால் அம்மாவுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவருக்கு அது தெரியவே போவதில்லை.

புதன்கிழமை பரிசோதனை முடிந்தது. ரிப்போர்ட்டில் விண்டோ தலைப்பைக் குறித்த அந்த வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாகவும் இருந்தது. என்னவோ போலவும் இருந்தது.

எழுத்துப் பிரிவுக்குப் புதிய வழிமுறை ஒன்றை எழுதினாள்: வெளியில் போடும் படத்தை டெஸ்டர் டூலால் எடுக்கக் கூடாது. படம் எடுக்கும்போது வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஃபைலின் பெயரையும் பார்க்க வேண்டும். எழுத்தை அழித்த பின், ஏற்றிய பக்கத்திலிருந்தே இறக்கி மறுபடி சோதிக்க வேண்டும். எழுதிவிட்டு, மூலைக்கு மூலை சரிபார்த்தாள். பிறகு திரையின் இடப்பக்கத்தை மூடினாள். வலப்பக்கம் அகன்று திரை முழுவதும் பரவியது. இவ்வளவு பெரிய திரையா இது என்று தோன்றியது. கேட்பதற்கு அதில் இடம் இல்லை.

*

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று கேபில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். போனாள். மேகனா வேறு பாடம் எடுத்தாள். சுவரில் வேறு யாருடையதோ படம் விழுந்தது.

முடிந்ததும் லிஃப்ட் வாசலில் ரஃபீக் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை வனஜா படிக்கட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க ஹோட்டல் சைட்டையும் பாத்துட்டேங்க," என்றார் அவர், லிஃப்டின் எண்களைப் பார்த்தபடியே. "ரூம் புக்கிங் எப்படிப் பண்றதுன்னு படம் போட்டிருந்தேன். என் போன்ல எடுத்தது. பேரெல்லாம் இல்ல, எடுத்த நேரம் மட்டும் இருந்துச்சு. எல்லாம் பெருநாள் அன்னைக்குக் காலையில எடுத்தது. லீவு இருந்தும் வேலைக்கு வந்திருக்கேன். எல்லாரும் படத்தைப் பாத்தா ரூம் தெரியும். நான் பாத்தா அது தெரியுது."

லிஃப்ட் வந்தது. இருவரும் ஏறினார்கள். உள்ளே கண்ணாடியில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் தெரிந்தார்கள்.

கீழே இறங்கியதும் ரஃபீக் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு டூட்டி ஆரம்பிச்சிரும். வரேங்க." இரண்டடி போனவர் நின்றார். "சாப்ட்டீங்களா?"

யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். ஊரில் பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாதவர்கூடக் கேட்பார். சாப்பிட்டேன் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஞாயிறுதோறும் சொல்லிப் பழகிய சொல்.

"இன்னும் இல்ல," என்றாள்.

"சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஹோட்டல் பக்கமாக வேகமாக நடந்தார்.

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வடா பாவ் வண்டி இருந்தது. வனஜா ஒன்று வாங்கி, நடைபாதை ஓரமாக நின்று சாப்பிட்டாள். ரிக்ஷாக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மிளகாய் காரமாக இருந்தது; கண்ணில் தண்ணீர் வந்தது. முழுவதும் தின்று முடித்து, காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்ட பிறகுதான், சாப்பாடு இறங்கியதா இல்லையா என்று தான் கவனிக்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.